தமிழில் அடித்த கடவுச்சொல் இன்னொரு கருவியில் ஏன் மறுக்கப்படுகிறது, எங்கும் அடிபடும் எழுத்துகளை எப்படித் தெரிவது: முழுமையான வழிகாட்டி

கணினியில் தமிழில் கடவுச்சொல் வைத்திருக்கிறீர்கள். அங்கே தினமும் திறக்கிறது. புதுப் போனில் அதே சொல்லை அடித்தால் "தவறான கடவுச்சொல்" என்று வருகிறது. திருகோணமலையில் இந்தச் சிக்கலோடு வருபவர்களுக்கு உதவும்போது நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றுதான்: சொல்லை யாரும் மறந்திருக்க மாட்டார்கள், எழுத்துப் பிழையும் இராது. திரையில் ஒரே மாதிரி தெரியும் எழுத்து உள்ளே வேறு மாதிரி பதிந்திருக்கும்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் திறந்திருக்கும் ஒரே கதவும் மூடிக்கொள்ளக்கூடும்.

## தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கணக்கு ஏற்கெனவே திறந்திருக்கும் ஒரு கருவி வேண்டும். அது கடைக் கணினியாகவோ பழைய போனாகவோ இருக்கலாம். அதில் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

அந்தக் கணக்கோடு இணைத்த தொலைபேசி எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் இன்றும் உங்களிடம் உள்ளனவா என்று பாருங்கள். சிம்மை மாற்றியவர்கள் பலர் பழைய எண்ணைக் கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மீட்புக் குறியீடு அந்த எண்ணுக்குப் போனால் உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே எண் மாறியிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

ஒரு தாளும் பேனாவும் எடுத்துவையுங்கள். புதுக் கடவுச்சொல்லைப் போனின் குறிப்புச் செயலியில் எழுதவேண்டாம். காரணத்தை 6ஆம் படியில் சொல்கிறேன்.

## 1. திறந்திருக்கும் கருவியிலிருந்து வெளியேறாதீர்கள்

போனில் திறக்கவில்லை என்றதும் பலர் செய்வது, கணினியில் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே போய்ப் பார்ப்பது. அன்றைக்குக் கணினியின் விசைப்பலகை வேறு நிலையில் இருந்தால் அதுவும் திறக்காது. எனவே வெளியேறாமல் வேலையைத் தொடங்குங்கள்.

போனில் மீண்டும் மீண்டும் முயல்வதையும் நிறுத்துங்கள். பல சேவைகள் சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு கணக்கைக் கொஞ்ச நேரம் பூட்டிவிடும். பூட்டிய நேரத்தில் சரியான சொல்லை அடித்தாலும் மறுப்புத்தான் வரும். அப்போது எது தவறு என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கிறது. போனில் "மறந்துவிட்டேன்" என்பதை அழுத்தி, அதே தமிழ்ச்சொல்லைப் போனிலிருந்தே புதிதாக வைத்துவிடுகிறார்கள். போன் திறந்துவிடும், ஆனால் மறுநாள் கணினி திறக்காது. அந்த எழுத்தையே கைவிடும்வரை சிக்கல் கருவிக்குக் கருவி மாறிக்கொண்டே இருக்கும்.

## 2. எந்த எழுத்தில் உடைகிறது என்று பாருங்கள்

உவர்மலையில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவின் கணக்கை எடுத்துக்கொள்வோம். அவருடைய கடவுச்சொல் ஊர்ப் பெயரேதான்: திருகோணமலை. கணினியில் திறக்கிறது, போனில் திறக்கவில்லை. "அதே எழுத்துத்தானே தம்பி, பிறகு ஏன் விடுதில்லை?" என்று கேட்டார்.

அதே எழுத்துத்தானா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நாம் அந்தச் சொல்லை ஆறு எழுத்தாகப் படிக்கிறோம்: தி, ரு, கோ, ண, ம, லை. கணினி மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனித் துண்டுகளாகப் பதிகிறது. "தி" என்பது த என்ற துண்டும் இகரக் கொக்கி என்ற துண்டும். இப்படி எண்ணினால் சொல் முழுவதும் பத்துத் துண்டு.

தகராறு "கோ"வில் வருகிறது. அதன் ஓகாரக் குறி, எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலுமாக நிற்கிறது. யூனிகோடில் இதை இரண்டு விதமாகப் பதியலாம். முன்னும் பின்னும் சேர்ந்த ஒரே துண்டாகப் பதிவது ஒன்று. ஏகாரக் கொம்பு ஒரு துண்டு, ஆகாரக் கால் ஒரு துண்டு என இரண்டாகப் பதிவது இன்னொன்று.

```
ஒரே குறியாக:      0B95 0BCB
இரண்டு குறியாக:   0B95 0BC7 0BBE
```

திரையில் இரண்டுமே "கோ" என்றுதான் தெரியும். எழுத்துருவைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது.

எது பதியும் என்பது விசைப்பலகையைப் பொறுத்தது. க அடித்து ஓ அடிக்கும் தமிழ்99 போன்ற முறையில் வழக்கமாக ஒரே துண்டு பதியும். தட்டச்சுப் பொறி முறையில் கொம்பு, க, கால் என்று மூன்று விசையாக அடிக்கிறோம். அந்தக் கொம்பையும் காலையும் பிறகு ஒன்றாக்கிக் கொடுக்கும் மென்பொருள்கள் உண்டு, பிரித்தபடியே விட்டுவிடும் மென்பொருள்களும் உண்டு. அக்காவின் கணினியில் இருந்தது இரண்டாவது வகை.

இப்போது சேவையின் பக்கத்தைப் பாருங்கள். ஒழுங்காக நடத்தப்படும் எந்தச் சேவையும் உங்கள் கடவுச்சொல்லை அப்படியே வைத்திருப்பதில்லை. அடித்த துண்டுகளை எண்களாக்கி, அவற்றை ஒரு கணக்கில் போட்டு அரைத்து, வரும் விடையை மட்டும் வைத்திருக்கும். நீங்கள் அடுத்தமுறை அடிக்கும்போது மீண்டும் அரைத்து, இரண்டு விடையும் ஒன்றா என்று பார்க்கும். ஒரு துண்டு மாறினாலும் விடை முழுவதும் மாறிவிடும். "கிட்டத்தட்டச் சரி" என்று அதற்குத் தெரியவே தெரியாது.

யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்த் துண்டும் 3 பைட். அக்காவின் போனிலிருந்து போனது 10 துண்டு, 30 பைட். கணினியில் முன்பு பதிந்தது 11 துண்டு, 33 பைட். நீளமே வேறு என்றால் விடை எப்படி ஒன்றாகும்?

உங்கள் கருவி எந்த வகை என்று அறிய எளிய வழி இருக்கிறது. ஒரு வெற்றுக் குறிப்பில் கோ என்று அடித்துவிட்டு, அழிக்கும் விசையை ஒரே ஒருமுறை தட்டுங்கள். க மிஞ்சினால் ஒரே குறி. கே மிஞ்சினால் இரண்டு குறி. எழுத்து முழுவதும் போய்விட்டால் அந்தச் செயலி கூட்டாக அழிக்கிறது என்று பொருள், இந்தச் சோதனை அங்கே உதவாது.

அப்படியானால் கணினி உலாவியின் கன்சோலில் இதைப் பாருங்கள்:

```
[..."கோ"].map(c => c.codePointAt(0).toString(16))
```

மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் எழுத்தை நீங்களே உங்கள் விசைப்பலகையால் அடிக்க வேண்டும். இங்கிருந்து நகலெடுத்து ஒட்டினால் என் விசைப்பலகையைத்தான் சோதிக்கிறீர்கள். `b95, bcb` என்று வந்தால் ஒரே குறி. `b95, bc7, bbe` என்று வந்தால் இரண்டு. இந்தச் சோதனைக்கு உங்கள் உண்மையான கடவுச்சொல்லைப் போடாதீர்கள், ஒரு எழுத்தே போதும்.

இதே தகராறு ஒகரக் குறிக்கும் உண்டு. பொ, கொ, தொ எல்லாம் ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரியக்கூடியவை. ஆகவே கோயில், தோணி, கொட்டியாரம் போன்ற சொற்கள் எல்லாமே இந்த வலையில் விழும். "மணல்", "நிலாவெளி" போன்றவை இந்தக் காரணத்தால் உடையாது. "நிலாவெளி"யில் காலும் கொம்பும் இருந்தாலும் அவை வெவ்வேறு மெய்யோடு நிற்கின்றன, அதனால் சேர்வதில்லை.

## 3. பாமினியில் அடித்துப் பழகியவரா என்று கேளுங்கள்

இங்கே அலுவலகங்களில் வேலை செய்தவர்களுக்கு இந்தப் படி மிக முக்கியம். மேலே சொன்ன சோதனையில் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பாமினி ஒரு எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. நீங்கள் அடிப்பது ஆங்கில எழுத்து, அந்த எழுத்துரு அதைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. கடவுச்சொல் பெட்டியில் அந்த எழுத்துரு கிடையாது. அங்கே தெரிவது புள்ளிகள் மட்டும். ஆகவே விரல் பழக்கத்தில் திருகோணமலை என்று அடித்தவருக்கு உண்மையில் பதிவது இது:

```
jpUNfhzkiy
```

இவர் "என் கடவுச்சொல் தமிழில்தான்" என்று உறுதியாகச் சொல்வார். அவர் கணினிகளில் எல்லாம் அது திறக்கும், ஏனென்றால் விசைகள் எங்கும் அதே இடத்தில் இருக்கின்றன. போனில் யூனிகோடு தமிழில் அடித்ததும் உடைந்துவிடும்.

கண்டுபிடிப்பது எளிது. கணினியில் ஒரு வெற்றுக் குறிப்பைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு கடவுச்சொல் பெட்டியில் அடிப்பதுபோல் அடிக்கச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்து வந்தால் அதுதான் உண்மையான கடவுச்சொல். அதைத் தாளில் எழுதி, போனை ஆங்கில விசைப்பலகைக்கு மாற்றி, அப்படியே அடித்தால் திறந்துவிடும். மேலே உள்ள உதாரணத்தில் `U`, `N` இரண்டும் பெரிய எழுத்து. அதைச் சிறிய எழுத்தாக அடிப்பதுதான் இங்கே வழக்கமான பிழை.

பாமினி விசையமைப்பிலேயே யூனிகோடு தரும் மென்பொருள்களும் உள்ளன. அதே விசைகள், ஆனால் பதிவது உண்மையான தமிழ். மென்பொருள் இயங்கிய நாளில் ஒன்று பதியும், இயங்காத நாளில் மற்றது பதியும். "ஒரே கணினியில் சில நாள் திறக்கிறது, சில நாள் திறக்கவில்லை" என்றால் இதைச் சந்தேகியுங்கள். விண்டோஸில் விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் விசைப்பலகை அடுத்ததுக்கு மாறி, எது என்று காட்டும்.

வேறெங்கும் இல்லாத இரகசியக் குறியீடு போல `jpUNfhzkiy` தெரியலாம். ஆனால் பாமினி தெரிந்த எவருக்கும் அது ஊர்ப் பெயர்தான். உள்ளே போனதும் மாற்றிவிடுங்கள்.

## 4. ஒரே வடிவம், வேறு எழுத்து

2ஆம் படியில் பார்த்த இரண்டு வடிவங்களும் யூனிகோடின் கணக்கில் சமம். நல்ல தளம் அவற்றை ஒன்றாக்கிவிடும். இனி வருபவை எந்தத் தளத்தாலும் ஒன்றாக்கப்படுவதில்லை, ஏனென்றால் விதிப்படி அவை வேறு எழுத்துகளே.

முதலாவது ஔகாரம். கௌரி என்ற பெயரைச் சரியாக அடித்தால் க-வோடு ஔகாரக் குறி சேரும். பலர் கெ அடித்து, பின்னால் ள அடித்து, ரி அடிக்கிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சௌந்தரி, மௌனம் எல்லாம் இப்படித்தான். இப்படியான பெயரைப் பிள்ளையின் பெயராகவும் கடவுச்சொல்லாகவும் வைத்திருப்பவர்கள் நிறைய.

இரண்டாவது ஸ்ரீ. ஸ என்ற எழுத்தில் தொடங்கும் ஸ்ரீயும், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ என்ற எழுத்தில் தொடங்கும் ஸ்ரீயும் திரையில் ஒரே வடிவமாக வருவது வழக்கம். எந்த விசைப்பலகை எதைத் தரும் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

மூன்றாவது தமிழ் எண்கள். தமிழ் ஒன்று க போலவும், இரண்டு உ போலவும், எட்டு அ போலவும் இருக்கும். தமிழ் எண்ணை வைத்துக் கடவுச்சொல்லைப் பலப்படுத்தலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தாளில் எழுதி வைத்தால் ஒரு வருடம் கழித்து எது எண், எது எழுத்து என்று அவர்களுக்கே தெரியாது.

## 5. பெட்டிக்குள் தமிழே வராத இடங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் இங்கே நீங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

ஒலிப்புமுறையில், அதாவது ஆங்கில எழுத்தில் அடித்துப் பரிந்துரையிலிருந்து தமிழ்ச்சொல்லைத் தெரிவுசெய்யும் முறையில் பழகியவர்களுக்கு, பல போன்களில் கடவுச்சொல் பெட்டிக்குள் பரிந்துரை வராது. அடித்ததை நினைவில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். ஐபோனில் நீங்கள் தனியாக நிறுவிய விசைப்பலகை கடவுச்சொல் பெட்டியில் தோன்றாது, ஐபோனின் சொந்த விசைப்பலகைதான் வரும்.

வைஃபை இன்னும் கண்டிப்பானது. டபிள்யூபிஏ2 முறையின் கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து வரை, அதுவும் ஆங்கில விசைப்பலகையின் அடிப்படை எழுத்துகளில் மட்டும் இருக்க வேண்டும் என்பது தரநிலை. தமிழ் அதற்குள் வராது. வைஃபையின் பெயரைத் தமிழில் வைக்கலாம், ஆனால் அதற்கு எல்லை 32 பைட். திருகோணமலை என்ற பெயரே 30 பைட் எடுத்துவிடும்.

கணினி தொடங்கும்போதே கேட்கப்படும் கடவுச்சொல்லுக்கும் தமிழ் வேண்டாம். அந்த நேரத்தில் உங்கள் தமிழ் விசைப்பலகை இன்னும் ஏற்றப்பட்டிருக்காது.

## 6. எங்கும் அடிபடும் எழுத்துகளைத் தெரிந்தெடுங்கள்

எல்லாக் கருவியிலும் ஒரே எண்ணாகப் பதிவது ஆஸ்கி எனப்படும் தொகுதி. அதில் அடிக்கக்கூடியவை, இடைவெளியையும் சேர்த்து, 95 எழுத்துகள். அவற்றிலும் எல்லாம் சமமாக நம்பத்தக்கவை அல்ல.

முதல் தெரிவு `a` முதல் `z` வரையான சிறிய எழுத்துகள். ஷிஃப்ட் வேண்டாம், பக்கம் மாற்ற வேண்டாம், தொலைக்காட்சியின் ரிமோட்டால் அடிப்பதற்கும் சுலபம். அடுத்தது `2` முதல் `9` வரையான எண்கள். `0`, `1` இரண்டையும் விடுங்கள். தாளிலிருந்து படிக்கும்போது அவை `O`, `l` ஆகிவிடும்.

குறியீடுகளில்தான் கவனம் வேண்டும். நம்மூர்க் கணினிகளில் பெரும்பாலும் அமெரிக்க அமைப்பு. லண்டனில் இருக்கும் உங்கள் அண்ணாவின் கணினியில் பிரித்தானிய அமைப்பு. அங்கே `@` உம் `"` உம் ஒன்றின் இடத்தில் மற்றது இருக்கும், ஷிஃப்டோடு 3 அடித்தால் `#` வராமல் பவுண்ட் குறி வரும். பெட்டியில் புள்ளிதான் தெரிகிறது, எனவே அவருக்குப் பிழை பிடிபடாது. `\`, `|`, `~` ஆகியவையும் இடம் மாறுபவை. இந்த இரண்டு அமைப்பிலும் `-`, `!` ஒரே விசையில் இருக்கின்றன. குறியீடு கட்டாயம் என்று தளம் கேட்டால் இவற்றில் ஒன்றை எடுங்கள்.

ஜெர்மன் விசைப்பலகையில் `y`, `z` இடம் மாறியிருக்கும். பிரெஞ்சில் `a`-`q`, `z`-`w` மாறியிருக்கும், `m` உம் வேறிடத்தில். விசையில் அச்சிட்டதைப் பார்த்து அடிப்பவருக்குச் சிக்கலில்லை. அச்சும் அமைப்பும் பொருந்தாத கணினியில் மட்டும் உடையும். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் விடுதி வைத்திருப்பவர்கள் வைஃபைக்கு `y`, `z` இல்லாத சொல் வைத்தால் விருந்தினருக்குத் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிராது.

இடைவெளியை விட்டுவிடுங்கள். சில தளங்கள் ஓரத்து இடைவெளியை வெட்டிவிடும், போனில் இரண்டுமுறை தட்டினால் அது முற்றுப்புள்ளியாகிவிடும்.

சரி, குறிப்புச் செயலி ஏன் வேண்டாம் என்றேன்? அங்கே எழுதும்போது போன் தானாகத் திருத்தும். நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாகும், இரண்டு சிறுகோடு ஒரு நீளக்கோடாகும், முதல் எழுத்து பெரிதாகும். அதை நகலெடுத்துப் பெட்டியில் ஒட்டினால், நீங்கள் நினைத்த சொல் அல்ல, திருத்திய சொல் பதிகிறது.

## 7. தமிழ்ச்சொல்லையே வைத்துக் கட்டுங்கள்

ஆங்கில எழுத்து என்றால் ஆங்கிலச் சொல் வேண்டும் என்றில்லை. தமிழ்ச்சொல்லையே ஆங்கில எழுத்தில் வைக்கலாம். ஆனால் இங்கே புதிய குழி ஒன்று காத்திருக்கிறது: எழுத்துக்கூட்டல். கோழி என்பதை `kozhi` என்றும் `koli` என்றும் எழுதுவோம். மீன் `meen` ஆகும், `min` உம் ஆகும். தாமரையை நாலு விதமாக எழுதலாம். ஆறு மாதம் கழித்து எதை வைத்தோம் என்று நினைவிருக்காது.

ஆகவே ஒரே விதமாக மட்டும் எழுதக்கூடிய சொற்களை எடுங்கள். ஐ தவிர மற்ற நெடில் வேண்டாம், ழ வேண்டாம். த, ட, ச வரும் சொற்களையும் தவிருங்கள். அவற்றை `t`, `th`, `d` என்றும் `s`, `ch` என்றும் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். வ-வையும் விடுங்கள், சிலர் `v`, சிலர் `w`. மிஞ்சுபவை தாராளம்: உப்பு, எலி, மரம், முறம், நிலம், மணல், நரி, உலக்கை, நெருப்பு, புலி, கல்.

இப்படி 200 சொல் எழுதுங்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்தால் ஒரு மாலையில் முடியும். ஒவ்வொன்றையும் சிறு துண்டுத் தாளில் எழுதி மடித்து ஒரு பாத்திரத்தில் போட்டுக் குலுக்குங்கள். ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டு, திரும்பப் போட்டு, மறுபடி குலுக்கி அடுத்ததை எடுங்கள். ஐந்து சொல் எடுங்கள்.

குலுக்குவதற்குக் காரணம் உண்டு. நீங்களாகத் தெரிந்தால் உப்புக்குப் பக்கத்தில் மணலும் அதற்குப் பக்கத்தில் நிலமும் வந்துவிடும், உங்களைத் தெரிந்தவரால் ஊகிக்க முடியும். குலுக்கி எடுத்தால், 200 சொல்லில் நாலு எடுக்கும்போது 160 கோடி விதம். ஐந்தாவது சொல் சேர்ந்ததும் அது 32,000 கோடி ஆகிறது. ஒரே ஒரு சொல் இவ்வளவு கூட்டுவதால்தான் ஐந்து என்கிறேன்.

சொற்களுக்கிடையே சிறுகோடு போடுங்கள். பெரிய எழுத்து வேண்டும் என்று தளம் கேட்டால் முதல் எழுத்தைப் பெரிதாக்குங்கள். எண் கேட்டால் கடைசியில் ஒன்று சேருங்கள். அக்காவுக்கு எடுத்தது போன்ற ஒன்று இப்படி இருக்கும்:

```
Ulakkai-eli-muram-neruppu-nilam7
```

32 எழுத்து, 32 பைட். இங்கே எழுதிவிட்டதால் இதை நீங்கள் பயன்படுத்த வேண்டாம். பைட்டைச் சொல்வதற்குக் காரணம், பரவலாகப் பயன்படும் பிகிரிப்ட் என்ற அரைக்கும் முறை முதல் 72 பைட்டை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. தமிழ் எழுத்தில் அது 24 துண்டோடு முடிந்துவிடும். நீளமான தமிழ்த் தொடரின் பின்பாதியைச் சில தளங்கள் பார்க்காமலே இருப்பது இதனால்தான்.

## 8. மாற்றுங்கள், பிறகு சோதியுங்கள்

மாற்றுவதை எப்போதும் திறந்திருக்கும் கருவியில் செய்யுங்கள். அக்காவின் விடயத்தில் அது கடைக் கணினி. பழைய கடவுச்சொல்லை அது கேட்கும், அந்தக் கணினியில் மட்டுமே அது சரியாக அடிபடும்.

அடிக்குமுன் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். கண் படத்தைத் தட்டி எழுத்துகளைக் காட்டச்செய்து, தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். இரண்டு பெட்டியிலும் நகலெடுத்து ஒட்டாமல் கையால் அடியுங்கள். முதல் பெட்டியில் பிழை இருந்தால் ஒட்டும்போது அதே பிழை இரண்டாவதிலும் பதிந்து, தளம் பேசாமல் ஏற்றுக்கொள்ளும்.

சில சேவைகள் மாற்றியதும் மற்றக் கருவிகளை எல்லாம் வெளியேற்றும். அப்படி ஒரு கேள்வி கேட்டால் சோதனை முடியும்வரை "வேண்டாம்" என்று விடுங்கள். யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் உடனே வெளியேற்றுங்கள்.

பிறகு அதே கணினியில் ஒரு மறைநிலைச் சாளரம் திறந்து உள்நுழைந்து பாருங்கள். பழைய சாளரம் திறந்தபடியே இருக்கட்டும். இங்கே திறந்தால் பதிந்த சொல்லும் தாளில் உள்ள சொல்லும் ஒன்று என்பது உறுதி. அதற்குப் பிறகுதான் போன். போனில் மறுத்தால் பிழை போனின் விசைப்பலகையில் இருக்கிறது என்று உடனே தெரியும், முதல் எழுத்துப் பெரிதானதா, கடைசியில் இடைவெளி ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள்.

கடைசியாக, உலாவியில் சேமித்திருந்த பழைய தமிழ்க் கடவுச்சொல்லை நீக்குங்கள். இல்லாவிட்டால் அது தானாக நிரம்பி, ஒரு நாள் உங்களைக் குழப்பும்.

## 9. தளமோ செயலியோ கட்டுபவர்களுக்கு

உங்கள் மாணவர்களோ வாடிக்கையாளர்களோ தமிழில் கடவுச்சொல் வைக்கலாம் என்றால், அரைப்பதற்கு முன் ஒரு வரி சேருங்கள்:

```
password = password.normalize("NFC");
```

இது கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக்கும். கடவுச்சொல்லைக் கையாளும் முறையைச் சொல்லும் ஆர்.எஃப்.சி 8265 (2017) இதையே சொல்கிறது. பதிவு, மாற்றம், உள்நுழைவு மூன்றிலும் இந்த வரி வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் முன்பு திறந்தவர்களுக்கும் திறக்காது.

ஏற்கெனவே பயனர்கள் இருந்தால் இன்னும் ஒரு வேலை உண்டு. உள்நுழையும்போது முதலில் ஒன்றாக்கிய வடிவத்தைப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அடித்தபடியே உள்ள வடிவத்தையும் பாருங்கள். அது பொருந்தினால், அந்த நேரத்திலேயே ஒன்றாக்கிய வடிவத்தை அரைத்துப் பழையதன் இடத்தில் வையுங்கள். பழைய பயனர் எவரும் வெளியே நிற்காமல், ஒவ்வொருவராகப் புது முறைக்கு வந்துவிடுவார்கள்.

கெ-வும் ள-வும் சேர்த்து அடித்த கௌரியை இந்த வரி காப்பாற்றாது. அதற்குக் கடவுச்சொல் பெட்டியில் கண் படத்தை வையுங்கள், தமிழ் எழுத்து அடிக்கப்பட்டால் "இது வேறு கருவியில் அடிபடாமல் போகலாம்" என்று பெட்டிக்குக் கீழே ஒரு வரியில் காட்டுங்கள்.